பெயரிடப்பட்ட இதய வரைபடத்தில் குருதியின் பாதையைக் கற்பித்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் தரம் 11 மாணவர்களுக்கு மாலை நேரத்தில் விஞ்ஞானம் கற்பித்துவரும் எனக்கு, இதயப் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒரு மாணவியின் விடைத்தாள்தான் கற்றுத்தந்தது. இதயத்தின் நெடுக்குவெட்டு வரைபடத்தில் 9 பகுதிகளைப் பெயரிடுமாறு கேட்டிருந்தேன்; ஒன்பதையும் சரியாக எழுதியிருந்தாள். அடுத்த வினாவில், அதே படத்தில் குருதி பாயும் திசையை அம்புக்குறிகளால் காட்டுமாறு கேட்டபோது, வலது இதயவறையிலிருந்து நேராகத் தொகுதிப் பெருநாடிக்குள் ஓர் அம்பை ஏற்றிவிட்டாள். இதயவறையும் பெருநாடியும் அவள் கையாலேயே பெயரிடப்பட்டவை. "ஏன் இப்படி வரைந்தீர்கள்?" என்று கேட்டேன். "படத்தில் அந்தக் குழாய் அந்த அறைக்கு நேர் மேலேதானே சேர் இருக்கிறது" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. படத்தில் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெருநாடி தொடங்குவது இடது இதயவறையிலிருந்து. பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளை பாதையில் தடுமாறுவதற்கு, சோம்பலைவிடப் பெரிய காரணம், முப்பரிமாணமான ஓர் உறுப்பைத் தட்டையான தாளில் அழுத்தியபோது மறைந்துபோன ஒரு சந்திப்புத்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தச் சந்திப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வலம், இடம்

படத்தைக் கரும்பலகையில் மாட்டியவுடன் பெயர்களை வாசிக்கத் தொடங்க வேண்டாம். தாளின் இடப்பக்கத்தில் "வலது சோணையறை" என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, அச்சுப் பிழை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். ஒரு மாணவனை முன்னால் அழைத்து, புத்தகத்தைத் திறந்தபடி அவனுடைய நெஞ்சின் மேல், படம் வகுப்பைப் பார்க்குமாறு பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது அவனுடைய வலது கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே படத்தின் வலது பக்கம். இதயம் எவருடையதோ அவருடைய வலமும் இடமும்தான் பெயரிடுதலில் கணக்கில் எடுக்கப்படுகின்றன. இதற்கு 2 நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் இதைத் தாண்டிச் சென்றால் பின்னால் சொல்லும் எதுவும் நிற்காது.

அதன்பின், படத்தில் மேலே உள்ள இரு சோணையறைகளையும் கீழே உள்ள இரு இதயவறைகளையும் பெயரின்றி, சுவர்களாக மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிரிசுவரைத் தடித்த பேனையால் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். அந்தச் சுவரைக் கடந்து எந்த அம்பும் போகக்கூடாது என்பதே இப்பாடத்தின் முதல் விதி. வலது இதயவறையிலிருந்து இடது இதயவறைக்குக் குறுக்கே அம்பு வரையும் பிள்ளையை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவரும், பிரிசுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, குருதி அவற்றின் ஊடாகக் கசிகிறது என்றே எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் அது நம்பப்பட்டது. 13 ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அந்நபீஸ், அந்தச் சுவர் அடைபட்டது, குருதி சுவாசப்பைகளைச் சுற்றித்தான் இடது பக்கம் வர வேண்டும் என்று எழுதினார். பிள்ளையின் பிழை கேலனின் பிழைதான் என்று சொன்னால், அவர்கள் சிரித்துக்கொண்டே அதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

நாடிகள் குறுக்கிடும் இடம்

இனி அந்த மாணவி சறுக்கிய இடத்துக்கு வருவோம். வலது இதயவறையின் மேற்பகுதியிலிருந்து சுவாசப்பை நாடி புறப்பட்டு, உடலின் இடப்பக்கமாகச் சாய்ந்து மேலேறுகிறது. இடது இதயவறையிலிருந்து தொகுதிப் பெருநாடி புறப்பட்டு, உடலின் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலேறி, பின்னர் கைப்பிடி போல வளைந்து மீண்டும் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்குகிறது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. கடக்கும்போது சுவாசப்பை நாடி முன்னாலும் பெருநாடி பின்னாலும் இருக்கும். வரைபடத்தில் பெருநாடியின் அடிப்பகுதி சுவாசப்பை நாடிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது, அது மறுபக்கத்தில் வெளிவரும் மேற்பகுதி மட்டுமே. அந்தப் பகுதி வலது அறைகளுக்கு மேலே நிற்பதால், அங்கிருந்தே அது தொடங்குவதாகக் கண் தானே முடிவு செய்துகொள்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட உடம்பால் செய்து காட்டுவது எளிது. ஆசிரியர் வகுப்பைப் பார்த்து நின்று, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வலது முழங்கை வலது இதயவறை. இடது முழங்கை இடது இதயவறை. இப்போது வலது முன்கையை நெஞ்சுக்கு முன்னால் இடது தோளை நோக்கி உயர்த்த வேண்டும். அதுவே சுவாசப்பை நாடி. இடது முன்கையை அதற்குப் பின்னால், நெஞ்சோடு ஒட்டியபடி வலது தோளை நோக்கி உயர்த்த வேண்டும், அதுவே பெருநாடி. இறுதியாக இடது கையின் மணிக்கட்டை மட்டும் வலது முன்கைக்கு மேலாக இடப்பக்கம் வளைத்துவிட்டால், பெருநாடியின் வளைவும் கிடைத்துவிடும். வகுப்பில் உள்ளவர்களுக்கு இது புத்தகத்தில் உள்ள படத்தைப் போலவே தெரியும். பிறகு எல்லோரையும் எழுந்து நின்று செய்யச் சொல்லுங்கள். எந்தக் கை முன்னால் என்பதில் பாதிப் பேர் முதலில் குழம்புவார்கள். "வலது முன்னால்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

உடனே புத்தகத்துக்குத் திரும்பி, மறைந்திருக்கும் பெருநாடியின் அடியை இடது இதயவறை வரை புள்ளிக்கோட்டால் வரையச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரையில், இந்த ஒரு புள்ளிக்கோடு வேறு எந்த விளக்கத்தையும்விட அதிகப் பிழைகளைத் தடுத்திருக்கிறது.

உயர்தரத்தில் உயிரியல் கற்கப்போகும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இந்தக் குறுக்கீடு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் சொல்லலாம். அவர்களில் பெருநாடி வலது இதயவறையிலிருந்தும் சுவாசப்பை நாடி இடது இதயவறையிலிருந்தும் புறப்படுகின்றன. உடலிலிருந்து வந்த குருதி ஒட்சிசன் பெறாமலேயே மீண்டும் உடலுக்குப் போகிறது. சுவாசப்பையிலிருந்து வந்த குருதி மீண்டும் சுவாசப்பைக்கே போகிறது. இரு பக்கக் குருதியும் கலக்க ஏதேனும் திறப்பு இருந்தால் மட்டுமே, சத்திரசிகிச்சை செய்யும்வரை குழந்தை தாக்குப்பிடிக்கும். மாணவியின் அம்பு காட்டியது சரியாக இந்த நிலையைத்தான். அதைச் சொன்னபோது அவள் தன் விடைத்தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

ஒரு துளியோடு நடத்தல்

இப்போது பெயர்களோடு பாதையில் போகலாம். விரல் நுனியைப் படத்தில் வைத்து, எடுக்காமல் நகர்த்த வேண்டும். ஓர் இடத்தில் விரலை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க நேர்ந்தால், அங்கே பிள்ளைக்கு ஏதோ விளங்கவில்லை என்று பொருள். கால் விரலில் இருந்து வரும் ஒரு துளி கீழ்ப்பெருநாளம் வழியாகவும், தலையிலிருந்து வரும் துளி மேற்பெருநாளம் வழியாகவும் வலது சோணையறையை அடைகின்றன. அங்கிருந்து முக்கூர் வால்வைக் கடந்து வலது இதயவறைக்கும், அரைமதி வால்வைக் கடந்து சுவாசப்பை நாடிக்கும் போகின்றன.

இந்த இடத்தில் விரல் படத்தின் விளிம்புக்கு வந்துவிடும். பெரும்பாலான வரைபடங்களில் சுவாசப்பைகள் வரையப்பட்டிருப்பதில்லை. "சுவாசப்பைக்கு" என்று ஓர் அம்பு மட்டும் வெளியே போகும், "சுவாசப்பையிலிருந்து" என்று இன்னோர் அம்பு உள்ளே வரும். இந்த இரண்டு அம்புகளுக்கும் இடையிலான தொடர்பைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. எனவே தாளின் வெளியே, மேசை மீதே சோக்கால் இரண்டு சுவாசப்பைகளை வரைந்து, விரலை அங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மேசையில் சோக்குப் படிவதை வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றால் பழைய பத்திரிகை ஒன்றைப் புத்தகத்துக்கு அடியில் விரித்துக்கொள்ளலாம். திரும்பி வருவது சுவாசப்பை நாளங்கள் வழியாக. அவை வழக்கமாக நான்கு. பக்கத்துக்கு இரண்டாக இடது சோணையறைக்குள் திறக்கின்றன. அங்கிருந்து இருகூர் வால்வு, இடது இதயவறை, மற்றோர் அரைமதி வால்வு, நாம் புள்ளிக்கோடு போட்ட பெருநாடி. அதிலிருந்து உடல் முழுவதும்.

ஆக, உடலை ஒருமுறை சுற்றிவரும் ஒரு துளி இதயத்துக்குள் இரண்டுமுறை நுழைகிறது. இரட்டைச் சுற்றோட்டம் என்ற சொல்லை இந்த இடத்தில், விரல் இரண்டாம் முறை இதயத்துக்குள் நுழைந்த அந்தக் கணத்தில் சொல்ல வேண்டும்; பாடத்தின் தொடக்கத்திலேயே வரைவிலக்கணமாகச் சொன்னால் அது வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

நிறங்களை நான் இதுவரை பயன்படுத்தவில்லை. வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் வரும்போது நீலத்தையும் சிவப்பையும் நம்பிப் பழகிய பிள்ளை திகைத்துப்போகும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, நீலக் குருதி என்று ஒன்று உண்டு என்ற எண்ணம் அந்த நிறத்திலிருந்துதான் பிறக்கிறது. நாளத்தில் உள்ள குருதி கடுஞ்சிவப்பு. அதில் ஒட்சிசன் இல்லாமலும் இல்லை. ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடலிலிருந்து திரும்பும் குருதியில், ஈமோகுளோபின் ஏந்தக்கூடிய ஒட்சிசனில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் இருக்கும். எனவே "ஒட்சிசன் குறைந்த குருதி" என்று எழுதப் பழக்குங்கள்.

நாடி, நாளம் என்ற பெயர்களும் இங்கேதான் சிக்கலாகின்றன. நாடி என்றால் ஒட்சிசன் நிறைந்தது என்று முன்வகுப்பில் படித்த பிள்ளை, சுவாசப்பை நாடியைக் கண்டதும் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறது. அது விதிவிலக்கே அல்ல. இதயத்தைவிட்டு வெளியே போவது நாடி, இதயத்துக்குள் வருவது நாளம். குருதியில் என்ன இருக்கிறது என்பதை இந்தப் பெயர்கள் பார்ப்பதில்லை. விரல் போகும் திசையே பெயரைச் சொல்லிவிடும்.

இரு பக்கமும் ஒரே நேரத்தில்

ஒரு துளியோடு நடக்கும் முறைக்கு ஒரு கெடுதலும் உண்டு. வலது பக்கம் முதலில் வேலைசெய்து, முடிந்தபின் இடது பக்கம் தொடங்குகிறது என்ற எண்ணத்தை அது விட்டுச்செல்கிறது. அதைக் களைய இரண்டு பிள்ளைகளை ஒரே படத்தில் விரல் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் வலது சோணையறையில், மற்றவர் இடது சோணையறையில். நீங்கள் மேசையில் தட்டும் முதல் தட்டுக்கு இருவரும் ஒன்றாக இதயவறைக்கு இறங்க வேண்டும். இரண்டாம் தட்டுக்கு இருவரும் ஒன்றாக நாடிக்குள் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 75 தடவை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன் ஆகிறது. சோணையறைகள் சுருங்க ஏறக்குறைய 0.1 செக்கன், இதயவறைகள் சுருங்க 0.3 செக்கன், மீதி 0.4 செக்கன் எல்லா அறைகளும் தளர்ந்திருக்கும் நேரம். இதயவறைகளுக்குள் வரும் குருதியின் பெரும்பகுதி அந்தத் தளர்வு நேரத்திலேயே தானாக இறங்கிவிடுகிறது. சோணையறையின் சுருக்கம் எஞ்சியதைத் தள்ளிவிடுகிறது.

இதை அறிந்தபின் வால்வுகளைப் பார்த்தால், புத்தகப் படம் ஒன்றை மறைப்பது தெரியும். பல படங்களில் நான்கு வால்வுகளும் ஒருசேரத் திறந்தது போலவோ பாதி திறந்தது போலவோ வரையப்பட்டிருக்கும். உண்மையான இதயத்தில் அப்படி ஒரு கணம் இல்லை. முக்கூர், இருகூர் வால்வுகள் திறந்திருக்கும்போது அரைமதி வால்வுகள் மூடியிருக்கும். இதயவறைகள் சுருங்கியவுடன் முன்னவை மூடி, பின்னவை திறக்கும். "லப்" என்ற ஒலி முன்னவை மூடும்போதும், "டப்" என்ற ஒலி பின்னவை மூடும்போதும் எழுகின்றன.

வால்வைத் திறப்பதும் மூடுவதும் எது என்று கேட்டால், "நாண்கள் இழுக்கின்றன" என்று பலர் எழுதுவார்கள். முக்கூர், இருகூர் வால்வுகளின் மடல்களை இதயவறையின் உட்புறத்தோடு கட்டிவைத்திருக்கும் அந்த நாண்கள் கதவைத் திறப்பதில்லை. கதவு பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. திறப்பதும் மூடுவதும் இருபக்க அமுக்க வேறுபாடே. எங்கள் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில், நிலத்துக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது, குழாயில் ஒரு ஒருவழி வால்வு பொருத்தியிருப்பார்கள். மோட்டார் நின்றதும் மேலே ஏறிய நீரின் பாரமே அந்த வால்வை அழுத்தி மூடிவிடுகிறது. அரைமதி வால்வும் அதைப்போலத்தான். இதயவறை தளர்ந்ததும் நாடியில் உள்ள குருதி பின்வாங்க முயல்கிறது, அந்த முயற்சியே கிண்ணம் போன்ற மடல்களை நிரப்பி மூடுகிறது.

இடது இதயவறையின் சுவர் தடிப்பாக இருப்பதையும் அதே மோட்டாரைக் கொண்டு விளக்கலாம், ஆனால் கவனமாக. தடித்த சுவர் அதிகக் குருதியை அனுப்புகிறது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், அது தவறு. இரண்டு இதயவறைகளும் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் வீதம் ஒரே அளவுதான் அனுப்புகின்றன. வலது பக்கம் ஒரு துடிப்புக்கு 1 மில்லிலீற்றர் மட்டும் கூடுதலாக அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 75 மில்லிலீற்றர், ஒரு மணித்தியாலத்தில் 4500 மில்லிலீற்றர். உடலில் உள்ள மொத்தக் குருதியே ஏறக்குறைய 5 லீற்றர்தான். அதில் பெரும்பகுதி ஒரு மணித்தியாலத்துக்குள் சுவாசப்பையில் தேங்கிவிடும். வேறுபடுவது அளவல்ல, அமுக்கம். வலது இதயவறை சுருங்கும்போது ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் இரச அமுக்கமும், இடது இதயவறை சுருங்கும்போது 120 மில்லிமீற்றரும் உண்டாகின்றன. ஒன்று முதல் மாடிக்கு நீர் ஏற்றும் மோட்டார், மற்றது ஐந்தாம் மாடிக்கு ஏற்றும் மோட்டார். இரண்டும் ஏற்றும் நீரின் அளவு ஒன்றே.

ஆட்டின் இதயத்தில் சரிபார்த்தல்

வசதியிருந்தால் ஒருமுறையாவது ஆட்டின் இதயத்தை வெட்டிக் காட்டுங்கள். இறைச்சிக் கடையில் சாதாரணமாகக் கேட்டால், குருதியை வடிக்க இதயவறையைக் கீறி, குழாய்களை அடியோடு நறுக்கித்தான் தருவார்கள், அது பயன்படாது. முதல் நாளே சொல்லி, கீறாமல், மேலே குழாய்கள் இரண்டு விரல் நீளத்துக்கு இருக்குமாறு கேட்டு வாங்க வேண்டும். கையுறை அணிந்து, குழாய் நீரில் நன்றாகக் கழுவி, உள்ளே உறைந்திருக்கும் குருதிக் கட்டிகளை விரலால் எடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்கு முன், இரு பக்கத்தையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மெத்தென்று உள்வாங்கும், மற்றது இறுக்கமாக எதிர்க்கும். இறுக்கமானதே இடது இதயவறை. அடுத்து, முன்னால் தெரியும் நாடிக்குள் மழுங்கிய பென்சிலை மெதுவாக இறக்கினால் அது மெத்தென்ற அறைக்குள் போகும். பின்னால் உள்ள தடித்த சுவருடைய நாடிக்குள் இறக்கினால் இறுக்கமான அறைக்குள் போகும். குறுக்கீட்டைப் பற்றி நாம் கையால் செய்து காட்டியதை இரண்டு பென்சில்களும் இங்கே செய்து காட்டும். பிறகு பெருநாடியை நிமிர்த்திப் பிடித்து அதற்குள் மெதுவாக நீர் ஊற்றினால், வால்வு மூடிக்கொண்டு நீர் நிற்கும். நீர் மெல்லக் குறைந்தால் வால்வு பழுது என்று அவசரப்பட வேண்டாம்; வால்வுக்குச் சற்று மேலே, இதயத்தின் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளின் இரண்டு சிறு வாய்கள் உண்டு, நீர் அவற்றின் வழியாகவும் போகும். நீர் உடனடியாகக் கீழே இறங்கிவிட்டால், பெரும்பாலும் கடைக்காரரின் கத்தி வால்வில் பட்டிருக்கும்.

சோதித்தல்

பெயர்கள் இல்லாத படத்தைக் கொடுத்து, பெயரிடச் சொல்வதற்குப் பதிலாக, முதலில் அம்புகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். பிறகு, படத்தைத் தலைகீழாகத் திருப்பியோ வலமிடமாக மாற்றி வரைந்தோ கொடுத்துப் பாருங்கள். சுவர்த் தடிப்பைப் பார்த்து இடது இதயவறையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பாதை விளங்கிவிட்டது. "இந்தப் படம் பிழை" என்று சொல்லும் பிள்ளை படத்தின் தோற்றத்தை மட்டுமே மனனம் செய்திருக்கிறது. அதற்கு மீண்டும் விரலால் நடந்து காட்ட வேண்டும்.

அந்த மாணவிக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வெற்றுப் படத்தைக் கொடுத்தேன். அம்பு வரையத் தொடங்குமுன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் இரு கைகளையும் குறுக்காக வைத்துப் பார்த்தாள்; வலது முன்னால். பிறகு பென்சிலை எடுத்து, சுவாசப்பை நாடிக்குப் பின்னால் முதலில் புள்ளிக்கோட்டைப் போட்டாள்.